சம்பளத் தாள் முதல் விசாரணை அறை வரை: மனிதவளப் பணிகளில் எது யாருக்கு?

கேள்வி: எனக்குக் கணக்கு நன்றாக வரும், புதியவர்களிடம் பேசத்தான் தயக்கம். எச்.ஆர். என்றால் நாள் முழுக்கப் பேசுகிற வேலை என்கிறார்கள். எனக்கு அங்கே இடமிருக்கிறதா?

இருக்கிறது. சம்பளப் பிரிவை முதலில் பாருங்கள். ஆனால் கணக்கு வருவதைவிட, விதியை எழுத்துப் பிசகாமல் படிக்கிற பழக்கம் அங்கே முக்கியம். மாதச் சம்பளம் 30,000 பெறும் ஒருவர், 31 நாள் கொண்ட மாதத்தில் இரண்டு நாள் சம்பளமில்லா விடுப்பு எடுத்தார் என்று வைத்துக்கொள்வோம். நாட்காட்டி நாட்களால் வகுத்தால் பிடித்தம் 1,935. எல்லா மாதத்தையும் 30 நாளாகக் கொண்டால் 2,000. அந்த மாதத்தின் 22 வேலை நாட்களால் வகுத்தால் 2,727. வகுத்தல் மூன்றிலும் சரிதான். எதனால் வகுப்பது என்பதைச் சட்டமும் வேலை ஒப்பந்தமும் நிறுவனத்தின் விதியும்தான் தீர்மானிக்கின்றன. அதைத் தேடிப் பார்க்காமல் போன மாதத்துப் பழக்கத்திலேயே கணக்கைப் போடுபவர்தான் இந்தப் பிரிவில் அடிக்கடி தவறுகிறார்.

பேச்சிலிருந்து முழுதாகத் தப்பிக்கவும் முடியாது. பணம் குறைந்தவர் கோபத்தோடு வருவார். அவரிடம் பிடித்தத்தை வரிவரியாக விளக்க வேண்டும். ஆயினும் கையில் ஒரு தாள் இருக்கும்போது கூச்சமுள்ளவர்கள்கூடத் தெளிவாகப் பேசுவதைப் பலமுறை பார்த்திருக்கிறேன்.

கேள்வி: பேரோல் என்கிற சம்பளக் கணக்கை இப்போது மென்பொருளே போட்டுவிடுகிறதே. அதில் போய் உட்கார்ந்தால் எதிர்காலம் என்ன?

பாதி சரி. பெருக்கலையும் வகுத்தலையும் மனிதர் செய்த காலம் போய்விட்டது. ஆனால் மென்பொருள் தனக்குக் கொடுத்த தகவலைத்தான் கணக்கிடும். அந்தத் தகவல் தவறானது என்று கண்டுபிடிப்பதுதான் இப்போது சம்பளம் வாங்கித் தரும் திறமை.

என் அனுபவத்தில் ஒன்று. போன மாத மொத்தச் சம்பளம் 60,00,000. மாதக் கடைசியோடு 40,000 பெற்ற ஒருவர் விலகினார். முதல் தேதியில் தலா 30,000 சம்பளத்தில் இருவர் சேர்ந்தார்கள். வேறு மாற்றம் எதுவுமில்லை. எனவே 60,20,000 வர வேண்டும். திரையில் 60,60,000 வந்தது. உபரி சரியாக 40,000. எங்கே தேட வேண்டும் என்பதை அந்த எண்ணே சொல்லிவிட்டது: விலகியவரின் கடைசி வேலை நாள் பதிவாகவில்லை. அவருடைய மேலாளர் மின்னஞ்சலை ஆளெடுப்புப் பிரிவுக்கு அனுப்பிவிட்டு, வேலை முடிந்ததென்று இருந்துவிட்டார். மென்பொருளை ஓட்டுவதற்கு முன்பே, மொத்தம் எவ்வளவு வரவேண்டும் என்று ஒரு தாளில் எழுதிவைத்தால் இப்படிப்பட்டவை பிடிபடும். எண்ணைப் பார்த்த பிறகு எழுதுபவர் அதற்குத் தோதாகக் காரணம் கண்டுபிடித்துவிடுவார்.

கேள்வி: இருபது ஆண்டுகளாகப் பேரோல் பார்க்கிறேன். மொத்தத்தை மட்டும் ஒப்பிட்டால் போதும் என்பதுபோல் எழுதியிருக்கிறீர்கள். ஒரு பிழை கூட்டலாகவும் இன்னொன்று கழித்தலாகவும் இருந்தால் மொத்தம் பொருந்திவிடுமே? வங்கிக் கணக்கு மாற்றத்தைப் பற்றியும் நீங்கள் சொல்லவில்லை.

தாங்கள் சொல்வது சரி; மொத்தத்தை ஒப்பிட்ட பிறகு, ஆள்வாரியாகவும் போன மாதத்தோடு ஒப்பிட வேண்டும் என்று சேர்த்திருக்க வேண்டும். வங்கிக் கணக்கு எண் மாறும்போது தொகை மாறுவதில்லை என்பதால் தொகைகளை ஒப்பிடும் எந்த ஒப்பீட்டிலும் அது சிக்காது. பணியாளர் பெயரில் வரும் மின்னஞ்சலை நம்பிக் கணக்கை மாற்றினால், சம்பளம் வேறொருவருக்குப் போய்விடும். நம் பதிவேட்டில் முன்பே இருக்கிற தொலைபேசி எண்ணில் அவரை அழைத்துக் கேட்க வேண்டும். அந்த மின்னஞ்சலில் தரப்பட்ட எண்ணில் அழைப்பது பயனற்றது.

புதிய ஆளைப் பதிவேற்றுபவரும் சம்பளத்தை ஓட்டுபவரும் ஒருவராக இருக்கக் கூடாது என்பதும் நல்ல விதிதான். மனிதவளத் துறையே ஒரே ஆள் என்றிருக்கும் சிறு நிறுவனத்தில் அதை எப்படிக் கடைப்பிடிப்பது என்பதில் எனக்கு இன்றுவரை திருப்தியான விடை இல்லை. முதலாளியே இறுதிப் பட்டியலைப் பெயர் பெயராகப் பார்த்துக் கையெழுத்திடச் சொல்கிறேன்; அவர் பார்க்காமலே போடுவதும் உண்டு.

கேள்வி: ஆளெடுப்பில் இரண்டு ஆண்டுகள் ஆகின்றன. ஒப்புக்கொண்டவர்கள் சேரும் நாளில் வராமல் போகிறார்கள். இந்த வேலை எனக்குப் பொருந்தவில்லையோ?

வராமல் போவது எல்லோருக்கும் நடக்கும். வராமல் போகப் போகிறார் என்பது உங்களுக்கு முன்கூட்டியே தெரிகிறதா என்பதுதான் சோதனை. பழைய வேலையில் ராஜினாமாவைக் கொடுத்துவிட்டாரா என்று கேட்டால் சுற்றி வளைப்பார். ஆவணங்களை ஒவ்வொன்றாகத் தாமதிப்பார். சேரும் தேதியை இரண்டாம் முறை தள்ளுவார். இவற்றைக் கவனித்து, அடுத்த நிலையில் இருந்தவரோடு தொடர்பை விடாமல் வைத்திருக்கிறீர்களென்றால் வேலை உங்களுக்குப் பொருந்துகிறது. ஒவ்வொரு மறுப்பையும் தன்மேல் பட்ட அடியாக எடுத்துக்கொள்பவருக்கு மட்டும் இந்தப் பிரிவை நான் பரிந்துரைப்பதில்லை.

கேள்வி: என் மேலாளர் எல்லோர் முன்னிலும் என்னை அவமானப்படுத்தினார். எச்.ஆர். அம்மாவிடம் போனேன், எனக்காக அவர் நிற்கவே இல்லை. இப்படிப்பட்டவர்கள் ஏன் இந்த வேலைக்கு வருகிறார்கள்?

தங்கள் வருத்தம் புரிகிறது. ஆயினும் இது எந்தப் பணிக்கு யார் பொருத்தம் என்ற கேள்வியிலிருந்து சற்று விலகியது. அங்கே நடந்தது எனக்குத் தெரியாததால், பணியாளர் உறவுப் பிரிவில் இருப்பவர் என்ன செய்ய வேண்டும் என்பதை மட்டும் சொல்கிறேன். அவர் புகார் கொடுத்தவரின் வழக்கறிஞர் அல்லர். விசாரணை முடியும்வரை யார் பக்கமும் நிற்காதிருப்பதே அவர் வேலை. ‘அவமானப்படுத்தினார்’ என்பதை அவர் அப்படியே எழுதிக்கொள்ளக் கூடாது. எந்த நாள், எந்த இடம், என்ன சொற்கள், யார் கேட்டார்கள் என்று கேட்டு எழுத வேண்டும். பிறகு சாட்சிகளைத் தனித்தனியே, மேலாளரைக் குற்றச்சாட்டின் முழு விவரத்தோடு, கேட்க வேண்டும். முடிவு என்னவாயினும், விசாரணை முடிந்தது என்பதையாவது தங்களிடம் சொல்லியிருக்க வேண்டும். அதைச் செய்யவில்லையென்றால் அது அவர் பிழை.

இந்தப் பிரிவுக்குப் புதிதாக வருபவர்கள், இரக்கத்தால், “யாரிடமும் சொல்ல மாட்டேன்” என்று வாக்குக் கொடுத்துவிடுகிறார்கள். விசாரிக்க வேண்டுமானால் சிலரிடமாவது சொல்லித்தான் ஆக வேண்டும். நானும் ஒருமுறை அப்படிச் சொல்லி, மூன்றாம் நாள் அதை மீறி, அந்தப் பெண்ணின் நம்பிக்கையை இழந்தேன். எல்லோருக்கும் வேண்டியவராக இருக்க ஆசைப்படுபவருக்கு இது பொருந்தாது.

கேள்வி: பள்ளி ஆசிரியையாகப் பன்னிரண்டு ஆண்டுகள் இருந்தேன். பயிற்சிப் பிரிவுக்கு வந்தால் பாடம் நடத்துவதுதானே வேலை?

பாடம் நடத்துவது அதில் சிறு பகுதி. அது தங்களுக்கு ஏற்கெனவே வரும். இது பாடத்தால் தீருமா என்று கண்டுபிடிப்பதுதான் புதிதாகக் கற்க வேண்டியது. ஒருமுறை, ஓவர்டைம் படிவங்கள் தவறாக வருகின்றன, மேற்பார்வையாளர்களுக்கு வகுப்பு எடுங்கள் என்று சம்பளப் பிரிவு கேட்டது. வகுப்புக்கு முன் ஒருவரைப் பக்கத்தில் உட்காரவைத்துப் படிவத்தை நிரப்பச் சொன்னேன். தவறில்லாமல் நிரப்பினார். பிழைகளெல்லாம் இரவு முறைக்காரர்களுடையவை: படிவத்தில் ஒரே ஒரு தேதிக் கட்டம் இருந்தது, நள்ளிரவைத் தாண்டும் வேலையை எந்தத் தேதியில் எழுதுவது என்று அவரவர் ஊகித்தார்கள். இன்னொரு கட்டம் சேர்த்தோம். வகுப்பை ரத்து செய்தோம். பயிற்சிப் பிரிவின் அந்த மாதக் கணக்கில் ஒரு வகுப்பு குறைந்தது என்று என் மேலாளருக்குக் கொஞ்சம் மனக்குறைதான்.