ஜெபத்தில் உணர்வே வராதபோது என்ன செய்வது?

கேள்வி: தினமும் காலையில் ஜெபிக்கிறேன். சில மாதங்களாக எந்த உணர்வும் வருவதில்லை, சுவரோடு பேசுவது போல இருக்கிறது. நான் விசுவாசத்தில் பின்வாங்கிவிட்டேனா? கொஞ்ச நாள் நிறுத்தி வைக்கலாமா?

நிறுத்த வேண்டாம். ஆனால் இன்னும் உருக்கமாக, இன்னும் சத்தமாக ஜெபித்து அந்த உணர்வை வரவழைக்கவும் முயல வேண்டாம். எங்கள் பாளையங்கோட்டைப் பக்கம் எழுப்புதல் கூட்டம், முழு இரவு ஜெபம் என்று வளர்ந்தவர்களுக்குக் கண்ணீர் வந்தால்தான் ஜெபம் கேட்கப்பட்டது என்று ஓர் எண்ணம் உண்டு. நான் இங்கே சொல்லப்போகும் தியான வழி எழுத்தாளர்கள் கண்ணீரை அளவுகோலாக வைக்கவில்லை.

வறட்சி எல்லாம் ஒரே வகை அல்ல என்பதால் உங்களுடையது எது என்று முதலில் பார்க்க வேண்டும். அதற்கு 16ஆம் நூற்றாண்டு ஸ்பெயின் நாட்டுக் கார்மேல் துறவி, சிலுவையின் புனித யோவான், மூன்று அடையாளங்களைச் சொல்கிறார். சொந்தச் சபையாரே அவரை டொலேடோவில் ஒன்பது மாதம் இருட்டறையில் அடைத்து வைத்திருந்தார்கள். அதனால் வறட்சியைப் பற்றி அவர் எழுதும்போது நான் கொஞ்சம் கூடுதலாகவே நம்புவேன்.

என் சித்தி ஒருத்தி, ஓய்வுபெற்ற ஆசிரியை. காலைப் பூசைக்கு முன்பு நற்செய்தியில் ஒரு பகுதியை வாசித்து, அந்தக் காட்சியை மனதில் ஓடவிட்டு ஜெபிப்பது அவள் வழக்கம். ஒரு தபசுக்காலத்தில் அது அப்படியே நின்றுபோனது. "நான் பாட்டுக்குப் பேசுதேன், அவரு கேக்காரான்னே தெரியலடே" என்பாள். அவளுக்குத் தெரிந்த சாமியார் ஒருவர் ஆறுதல் சொல்லாமல், யோவானின் மூன்று அடையாளங்களை வைத்துக் கேள்விகள்தான் கேட்டார்.

ஜெபத்தில் ருசி இல்லை, சரி, வேறு எதிலாவது ருசி இருக்கிறதா? சீரியல், ஊர்க்கதை, நகை என்று மனம் ஓடிக்கொண்டு ஜெபம் மட்டும் கசந்தால் அது வெறும் அசட்டை. சித்திக்கு அவற்றிலும் பிடிப்பில்லை. அடுத்து, ஜெபம் வரவில்லையே என்று வலிக்கிறதா? வலித்தது, தான் பின்னே போகிறோமோ என்று அவளுக்கு ஓயாத கவலை. வெதுவெதுப்பானவனுக்கு இந்தக் கவலையே இருக்காது என்கிறார் யோவான். கடைசியாக, முயன்றாலும் பழையபடி காட்சியைக் கற்பனை செய்ய முடியவில்லையா? முடியவில்லை.

மூன்றும் சேர்ந்து இருக்க வேண்டும். முதல் அடையாளம் மட்டும் இருந்தால் மனச்சோர்வாகவும் இருக்கலாம் என்று யோவானே எச்சரிக்கிறார். அதனால்தான் சாமியார் அவளுடைய தூக்கம், சாப்பாடு பற்றியும் விசாரித்தார். அவை கெட்டிருந்தாலோ, எந்த வேலையும் ஓடாமல் படுத்தே கிடந்தாலோ டாக்டரிடம்தான் போக வேண்டும். ஜெபத்தையும் விட வேண்டியதில்லை, இரண்டும் ஒன்றாக நடக்கட்டும்.

மூன்றும் இருந்தால் யோவான் சொல்லும் வழி நம் ஆட்களுக்குச் சங்கடமானது. யோசித்து யோசித்துத் தியானிக்கும் பழைய முறையை வம்படியாகப் பிடித்து இழுக்காதே, கடவுள் முன்னால் அன்போடு கவனம் வைத்துச் சும்மா இரு, நேரம் வீணாவது போலத் தோன்றினாலும் இரு என்கிறார். சித்திக்கு இதுதான் பெரும்பாடு. கை சும்மா இருந்தால் ஜெபமாலையைத் தேடும். அப்படித் தேடினால் பரலோக மந்திரத்தை ஒரே ஒரு தடவை, மிக மெதுவாகச் சொல்லலாம். மனம் வறண்டு ஓர் எண்ணம்கூட எழாத நேரத்தில் பிரான்ஸ் நாட்டுக் கார்மேல் துறவி குழந்தை இயேசுவின் தெரசாள் அதையும் அருள் நிறைந்த மந்திரத்தையும் அப்படித்தான் சொன்னார். யோவான் காலத்து ஸ்பெயின் துறவி அவிலா தெரசாளோ பல வருடம் கையில் புத்தகம் இல்லாமல் ஜெபத்தில் உட்காரத் துணிந்ததில்லை. மணி எப்போது அடிக்கும் என்று காத்திருந்ததையும் மறைக்காமல் எழுதியிருக்கிறார்.

மூன்று அடையாளமும் பொருந்தாமல் அசட்டைதான் காரணம் என்று தெரிந்தால் 'சும்மா இரு' என்பது உங்களுக்கான ஆலோசனை அல்ல. அதைச் சாக்காக வைத்துத் தூங்கிவிடுவோம். வாசிப்பு, தியானம், மனச்சோதனை என்று பழைய ஒழுங்குக்கே திரும்ப வேண்டும்.

நிறுத்தலாமா என்ற கேள்விக்கு இயேசு சபையை நிறுவிய லொயோலா இஞ்ஞாசியாரின் விதி நேரடியாகப் பொருந்தும்: வறட்சியில் இருக்கும்போது முன்பு எடுத்த தீர்மானத்தை மாற்றாதே. இன்னொரு இடத்தில், அப்படிப்பட்ட நாளில் குறித்த நேரத்தைத் தாண்டிச் சற்றுக் கூடவே இருக்கச் சொல்கிறார். சோதனைக்கு எதிராக நிற்பதோடு அதை மேற்கொள்ளவும் பழக வேண்டும் என்பது அவர் கணக்கு. நீங்கள் அரை மணி நேரம் வைத்திருந்தால் அரை மணி முடிந்த பிறகு இரண்டு நிமிடம் போதும். ஒரு மணி நேரமாக இழுத்தால் ஒரு வாரத்தில் சலித்துப்போகும்.