40 சந்தாதாரர்கள் இருக்கும்போது மாத விலகல் விகிதத்தை நம்பலாமா?

"40 பேர்தான் சந்தாதாரர்கள். போன மாதம் விலகல் 0%, இந்த மாதம் 10%. எதில் தவறு?"

பெரும்பாலும் எதிலும் இல்லை. 40 பேரில் ஒருவர் போனாலே 2.5%, அதனால் விகிதம் 2.5% படிகளாகத்தான் குதிக்கும். உங்கள் உண்மையான விலகல் மாதம் 5% என்றே வைத்துக்கொள்வோம், அதாவது சராசரியாக 2 பேர். ஒவ்வொருவரும் தனித்தனியாக முடிவெடுக்கிறார்கள் என்றால், ஒருவர்கூடப் போகாத மாதம் வர சுமார் 13% வாய்ப்பு, 4 பேரோ அதற்கு மேலோ போகும் மாதம் வர சுமார் 14%. ஆக, எதுவுமே மாறாமல் நாலில் ஒரு மாதம் இப்படி ஏதோ மாறிவிட்டதுபோலத் தெரியும்.

சரி, எதைப் பார்ப்பது? ஆறு மாத விலகல்களைக் கூட்டி, ஒவ்வொரு மாதத் தொடக்கத்திலும் இருந்த சந்தாதாரர்களின் கூட்டுத்தொகையால் வகுங்கள். அதுவும் தோராயம்தான். அதைவிட, போன அந்த 4 பேரிடமும் நேரடியாகக் காரணம் கேளுங்கள். மூன்று பேர் ஒரே காரணத்தைச் சொன்னால், அது எந்தச் சதவீதத்தையும்விட உறுதியான தகவல்.