மாப்பிள்ளைக்கு மாற்றல் வரும்போதெல்லாம் மகளின் வேலை ஏன் பூஜ்யத்திலிருந்து தொடங்குகிறது?

ஐயா, வணக்கம்.

போன வாரம் மஞ்சக்குப்பத்திலிருந்து வந்து, மகளுடைய சான்றிதழ் ஃபைலை மேசையில் வைத்துவிட்டு நீங்கள் கேட்டது ஒரே கேள்விதான்: "எம்.எட். சேர்த்துவிடலாமா?" அன்றைக்குக் கூட்டம், சரியாகப் பேச முடியவில்லை. மறுநாள் உங்கள் மகள் போனில் ஒரு மணி நேரம் பேசினார். அவர் சம்மதத்தோடுதான் இதை உங்களுக்கு எழுதுகிறேன்.

எம்.எட். இப்போது வேண்டாம். அது இரண்டு வருடப் படிப்பு. ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் வேலை பார்க்கத்தான் அது முக்கியமாகக் கை கொடுக்கும். ஒரே ஊரில் இரண்டு வருடம் உறுதியாக இருப்போமா என்பதே தெரியாத குடும்பத்தில், முதல் வருடம் முடியும்போது பேங்கில் வேலை பார்க்கும் மாப்பிள்ளைக்கு மாற்றல் ஆர்டர் வந்தால் கட்டிய பணமும் போகும், படிப்பும் பாதியில் நிற்கும். எம்.எஸ்சி. கணிதம், பி.எட். என்று அவரிடம் இருக்கும் படிப்பே போதும். இதுவரை சம்பாதித்ததை ஒவ்வொரு ஊரிலும் விட்டுவிட்டு வந்ததுதான் அவருக்கு ஏற்பட்ட இழப்பு.

அவர் சொன்னதை அப்படியே வரிசையாக எழுதிப் பார்த்தேன். கல்யாணமான புதிதில் தருமபுரியில் ஒரு தனியார் பள்ளியில் 2 வருடம் 2 மாதம். மாப்பிள்ளைக்கு சேலம் என்று ஆர்டர் வந்ததும் நவம்பரில், வருடத்தின் நடுவில், வேலையை விட்டார். பத்தாம் வகுப்பை நடுவில் விட்டுப் போகிறார் என்று நிர்வாகத்துக்குக் கோபம். வேலையில் சேரும்போது வாங்கி வைத்திருந்த ஒரிஜினல் சான்றிதழ்களை நான்கு மாதம் தரவில்லை, அனுபவச் சான்றிதழ் கடைசிவரை வரவே இல்லை. சேலத்தில் வீட்டு அட்வான்ஸுக்குப் பணம் தேவைப்பட்டதால் தருமபுரி பி.எஃப். முழுவதையும், பென்ஷன் பங்கு உட்பட, எடுத்துவிட்டார். கைக்கு வந்தது 55,000 சொச்சம். சேலத்தில் 3 வருடம் நல்லபடியாகப் போனது. அப்புறம் விஜயவாடா. அங்கே ஒரு சின்ன டியூஷன் சென்டர், பி.எஃப். கிடையாது. இப்போது கடலூரில் ஒரு பள்ளியில் ஒன்றரை வருடம்.

ஆக, எட்டரை வருடத்தில் நான்கு ஊர். அனுபவம் என்று காகிதத்தில் காட்ட முடிந்தது சேலத்து மூன்று வருடம் மட்டும். இன்டர்வியூவில் புதியவருக்கான சம்பளத்தைப் பேசினார்கள் என்று அவர் வருத்தப்பட்டதற்குக் காரணம் இதுதான்.

பி.எஃப். விஷயத்தைக் கொஞ்சம் விரித்துச் சொல்கிறேன். மாதாமாதம் மகள் சம்பளத்தில் 12 சதவீதம் பிடிக்கிறார்கள், பள்ளியும் 12 சதவீதம் போடுகிறது. பள்ளி போடுவதில் 8.33 சதவீதம் பென்ஷன் கணக்குக்குப் போகிறது. அடிப்படைச் சம்பளம் 12,000 என்றால் மாதம் 1,000 ரூபாய். இந்தப் பென்ஷன் கிடைக்க மொத்தம் 10 வருடப் பணிக்காலம் வேண்டும். ஒரே பள்ளியில் 10 வருடம் இருக்க வேண்டியதில்லை. இடையில் வேலையில்லாத மாதங்கள் இருந்தாலும், ஊர் ஊராக வேலை செய்த காலங்களைக் கூட்டிக்கொள்ளலாம். ஆனால் 10 வருடம் ஆகும் முன்பு பென்ஷன் பங்கை எடுத்துவிட்டால், அதுவரையிலான பணிக்காலம் கணக்கிலிருந்தே போய்விடும். தருமபுரியில் நடந்தது அதுதான். அந்த இரண்டு வருடம் திரும்ப வராது.

கிடைக்கப்போகும் பென்ஷன் பெரிய தொகை இல்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். 15,000 சம்பளத்துக்கு 10 வருடம் என்றால், 15,000-ஐப் பத்தால் பெருக்கி 70-ஆல் வகுக்க வேண்டும். 58 வயதில் மாதம் 2,142 ரூபாய் வரும். நான் இதை வலியுறுத்துவது அந்த 2,142-க்காக மட்டும் இல்லை. எந்தப் பள்ளியில் எந்தத் தேதியில் சேர்ந்தார், எப்போது விலகினார் என்பது பி.எஃப். இணையதளத்தில் பதிவாகி இருக்கும். நிர்வாகம் கோபத்தில் அனுபவச் சான்றிதழ் தராவிட்டாலும், அந்தப் பதிவைக் காட்டி "இங்கே இத்தனை வருடம் வேலை பார்த்தேன்" என்று சொல்லலாம். ஊர் மாறிக்கொண்டே இருப்பவருக்கு, பழைய முதலாளியின் தயவு தேவைப்படாத நல்ல சாட்சி இது.

இப்போது சரிசெய்ய வேண்டியது சேலத்துக் கணக்கை. கடலூர் பள்ளியில் சேரும்போது மகள் தன் பழைய பி.எஃப். உறுப்பினர் எண்ணை, அதாவது யூஏஎன் எண்ணை, கொடுக்கவில்லை. அவர்கள் புதிதாக ஒன்று போட்டுவிட்டார்கள். ஏன் கொடுக்கவில்லை என்று கேட்டேன். "அதில் அப்பா இனிஷியல் இருந்தது சார், ஆதாரில் இவர் இனிஷியல். பெயர் ஒத்துவராது என்று ஆபீசில் சொன்னார்கள்" என்றார். நம் பெண்களில் எத்தனையோ பேர் இந்த இடத்தில்தான் தடுக்கி விழுகிறார்கள். பட்டத்தில் அப்பா இனிஷியல், கல்யாணத்துக்குப் பிறகு ஆதாரில் கணவர் இனிஷியல், பான் கார்டில் இனிஷியலை விரித்து முழுப்பெயர். கல்யாணம் ஆனால் இனிஷியலை மாற்றியே ஆக வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை. பட்டத்தில் இருக்கும் பெயரையே ஆதார், பான், பி.எஃப். மூன்றிலும் கொண்டுவந்துவிடுங்கள். பட்டத்தில் பெயரை மாற்றுவதைவிட ஆதாரைத் திருத்துவது எவ்வளவோ சுலபம். பி.எஃப். பதிவில் உள்ள பெயரைத் திருத்த, பள்ளியோடு சேர்ந்து ஜாயின்ட் டிக்ளரேஷன் கொடுக்க வேண்டியிருக்கும்.

பெயர் சரியான பிறகு, சேலம் கணக்கில் விலகிய தேதி ஏறியிருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். ஏறாவிட்டால் பழைய பள்ளிக்கு நடக்க வேண்டாம். கடைசிப் பணம் விழுந்து இரண்டு மாதம் கழிந்த பிறகு, பி.எஃப். இணையதளத்தில் Mark Exit என்ற இடத்தில் உறுப்பினரே அந்தத் தேதியைப் போடலாம். அதன் பிறகு சேலத்துக் கணக்கைக் கடலூர் கணக்குக்கு மாற்ற விண்ணப்பிக்க வேண்டும். இதற்கு ஓரிரு மாதம் பிடிக்கலாம், ஒருமுறை நிராகரிக்கவும் கூடும். காரணம் எழுதி வரும், அதைத் திருத்தி மறுபடி போட வேண்டும். மாற்றி முடித்ததும் சேலமும் கடலூரும் சேர்ந்து நாலரை வருடம் ஆகும். அவருக்கு வயது 34. இன்னும் ஐந்தரை வருடம் எந்த ஊரில் வேலை பார்த்தாலும் பத்து நிறைந்துவிடும். அடுத்த ஊரில் இரண்டு பள்ளி கூப்பிட்டால், சம்பளம் 1,000 குறைவாக இருந்தாலும் பி.எஃப். பிடிக்கும் பள்ளியைத் தேர்ந்தெடுப்பதே நல்லது.

சரி, இப்போது வந்திருக்கும் விழுப்புரம் ஆர்டருக்கு வருவோம். பதவி உயர்வோடு வந்திருப்பதால் மாப்பிள்ளையால் மறுக்க முடியாது. ஆனால் அவருக்கு மாற்றல் என்றாலே வீட்டையும் மாற்ற வேண்டும் என்று நீங்கள் எல்லோருமே முடிவு செய்துவிட்டீர்கள். திருப்பாதிரிப்புலியூரில் ரயில் ஏறினால் பண்ருட்டி வழியாக விழுப்புரம் ஐம்பது கிலோமீட்டருக்குள்தான். பஸ்ஸில் ஒன்றரை மணி நேரம் ஆகலாம். மாப்பிள்ளைக்கு அலைச்சல்தான், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் மகள் கையில் இப்போது இரண்டு பத்தாம் வகுப்புப் பிரிவுகள் இருக்கின்றன. மாணவர்கள் பொதுத்தேர்வு எழுதி முடிக்கும் வரை வீடு கடலூரில் இருந்தால் தருமபுரி கதை திரும்ப நடக்காது. வேலை பார்க்கும் ஊரிலேயே குடியிருக்க வேண்டும் என்று மாப்பிள்ளையின் பதவிக்கு நிபந்தனை இருக்கிறதா, குழந்தையின் படிப்பைக் காட்டி இப்போதுள்ள வாடகை வீட்டைக் கல்வியாண்டு முடியும் வரை வைத்துக்கொள்ள வங்கி அனுமதிக்குமா என்று இரண்டையும் அவர் எழுத்தில் கேட்கட்டும்.

தேர்வு முடிந்த பிறகும் மாற வேண்டுமா என்பதை அப்போது பேசலாம். கடலூரில் இருந்தபடி புதுச்சேரி, பண்ருட்டி, சிதம்பரம், விழுப்புரம் எல்லாமே போய்வரக்கூடிய தூரம். இந்த வட்டத்துக்குள் வரும் ஆர்டருக்கு மாப்பிள்ளை பயணம் செய்யட்டும், வட்டத்தைத் தாண்டினால் வீட்டை மாற்றலாம் என்று இருவரும் இப்போதே பேசி வைத்துக்கொள்வது நல்லது. மாறியே ஆக வேண்டும் என்றால், வேலையை விடும் தேதி ஏப்ரல் கடைசியாக இருக்கட்டும். நியமன உத்தரவில் எத்தனை மாத நோட்டீஸ் என்று பார்த்து அதற்கு ஏற்றபடி கடிதம் கொடுக்கச் சொல்லுங்கள். பெரும்பாலான பள்ளிகள் மார்ச் முதல் மே வரைதான் ஆள் எடுக்கின்றன. இனி எந்தப் பள்ளியிலும் ஒரிஜினல் சான்றிதழ்களை விட்டுவைக்கக் கூடாது. சரிபார்க்கக் காட்டலாம், நகல் கொடுக்கலாம், அவ்வளவுதான்.

படிப்பு என்று ஏதாவது செய்தே ஆக வேண்டுமென்றால், மத்திய ஆசிரியர் தகுதித் தேர்வான சிடெட் எழுதச் சொல்லுங்கள். ஆறு முதல் எட்டாம் வகுப்பு வரை கற்பிப்பதற்கான இரண்டாம் தாள், கணிதமும் அறிவியலும். மொழித் தாளில் தமிழ் எடுக்கலாம். 150-க்கு 90 எடுத்தால் தேர்ச்சி, 2021-க்குப் பிறகு அந்தச் சான்றிதழ் ஆயுள் முழுவதும் செல்லும். விஜயவாடாவில் அவருக்குக் கதவு அடைத்ததற்குக் காரணம், அவர் கற்பித்ததெல்லாம் நம் மாநிலப் பாடத்திட்டம். சிபிஎஸ்இ பாடமும் ஆங்கில வழியும் எந்த மாநிலத்திலும் இருக்கின்றன. புதுச்சேரியில் அரசுப் பள்ளிகளே சிபிஎஸ்இக்கு மாறிவிட்டன. கேந்திரிய வித்யாலயாக்களில் வருடாவருடம் நேர்காணல் வைத்து ஒப்பந்த ஆசிரியர்களை எடுக்கிறார்கள். முதுநிலை கணித ஆசிரியருக்கு அவருடைய எம்.எஸ்சி., பி.எட். படிப்பே போதும், சிடெட் கேட்பதில்லை. அந்த வேலை நிரந்தரம் கிடையாது. ஆனால் அங்கே ஒரு வருடம் வேலை பார்த்தாலும் அடுத்த மாநிலத்தில் அதைக் காட்டி வேலை கேட்கலாம்.

இன்னொன்று. அவர் போனில் அதிகம் பேசியது வேலையைப் பற்றி இல்லை. மாப்பிள்ளை புது ஊருக்குப் போனால் முதல் நாளே பேங்கில் நாற்காலியும் பத்துப் பேரும் காத்திருக்கிறார்கள். மகளுக்கு பால்காரரும் வீட்டுக்காரம்மாவும்தான். விஜயவாடாவில் ஐந்து மாதம் வீட்டை விட்டு வெளியே வந்ததே குறைவு என்றார். அப்போது நீங்கள் "மாப்பிள்ளை சம்பளம் போதாதா, நிம்மதியாக இரு" என்று சொன்னீர்களாம். ஆறுதலுக்காகச் சொன்னீர்கள் என்று எனக்குத் தெரியும். ஆனால் அவருக்கு அது வலித்திருக்கிறது, இன்னும் மறக்கவில்லை. இதை உங்களிடம் சொல்லலாமா என்று கேட்டேன், சொல்லுங்கள் என்றார்.

கடலூர் வேலை எப்படிக் கிடைத்தது தெரியுமா? சேலத்தில் கூட வேலை பார்த்த டீச்சரின் அக்கா இங்கே இருக்கிறார். அவர் சொல்லித்தான் காலியிடமே தெரிந்தது. தருமபுரியிலும் விஜயவாடாவிலும் அப்படித் தொடர்பில் இருப்பவர் ஒருவரும் இல்லை. அந்த சேலத்து டீச்சருக்கு மகள் போன் செய்து ஒரு வருடம் ஆகிறதாம். இந்த ஞாயிற்றுக்கிழமை பேசச் சொல்லியிருக்கிறேன். குழந்தையை அன்றைக்கு நீங்கள் பார்த்துக்கொள்ளுங்கள். அடுத்த ஊரில் வீடு பார்க்கும்போதும் பேங்குக்குப் பக்கத்தில் தேடாமல், மகள் நடந்தோ ஒரே பஸ்ஸிலோ போகக்கூடிய தூரத்தில் நாலைந்து பள்ளிகள் இருக்கும் இடமாகப் பாருங்கள். மாப்பிள்ளையிடம் வண்டி இருக்கிறது.

அடுத்த முறை மூவரும் சேர்ந்து வாருங்கள், ஐயா. இரண்டு யூஏஎன் எண்கள், ஆதார், பான், பட்டச் சான்றிதழ், கடலூர் பள்ளி நியமன உத்தரவு இவற்றின் நகல்கள் போதும். ஒரிஜினல் ஃபைல் வீட்டிலேயே இருக்கட்டும்.