பன்னிரண்டாம் நிமிடம் மணி அடிக்கும்

கேள்வி: அய்யா, வேளாண்மையில் முனைவர் பட்ட ஆய்வு செய்கிறேன். மன்னார்குடி பக்கம் களிமண் நிலத்தில் 9 வயல்களில் ஒரு குறுவை முழுக்கக் காய்ச்சலும் பாய்ச்சலுமாகத் தண்ணீர் விட்டுப் பார்த்தேன். நீர்மட்டம் மண்ணுக்குக் கீழே 15 செ.மீ. இறங்கும் வரை காயவிட்ட வயல்களைவிட, 10 செ.மீ.யோடு நிறுத்திய வயல்களுக்குத்தான் தண்ணீர் குறைவாகச் செலவானது. விளைச்சலும் குறையவில்லை. அடுத்த மாதம் தஞ்சாவூரில் கருத்தரங்கு. 15 நிமிடம் கொடுத்திருக்கிறார்கள். 22 ஸ்லைடு போட்டு வைத்திருக்கிறேன். பேசிப் பார்த்தால் முடிவுக்கு வருவதற்குள் நேரம் போய்விடுகிறது. எதை வெட்டுவது?
— ஆய்வு மாணவி, திருவாரூர் மாவட்டம்

பதில்: வெட்டுவது பிறகு இருக்கட்டும் அம்மா, முதலில் வரிசையை மாற்றுங்கள். நீங்கள் அனுப்பிய ஸ்லைடுகள் ஆய்வேட்டின் வரிசையில் நிற்கின்றன: முன்னுரை, முந்தைய ஆய்வுகள், ஆய்வுக் களம், முறை, முடிவு. ஏட்டைப் படிப்பவர் குழம்பினால் பக்கத்தைப் பின்னால் புரட்டிக்கொள்வார். நாற்காலியில் உட்கார்ந்து கேட்பவருக்கு அந்த வசதி இல்லை. எதற்காக இந்த அளவையெல்லாம் சொல்கிறீர்கள் என்பது தெரியாவிட்டால், உங்கள் முறை அவர் காதில் வெறும் எண்களாகத்தான் விழும்.

15 நிமிடம் என்று நிகழ்ச்சி நிரலில் போட்டிருந்தால் பெரும்பாலும் 12 நிமிடம் பேச்சுக்கு, மீதி கேள்விக்கு. அமைப்பாளர்களிடம் கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள். இங்கே 12 என்றே கணக்குப் போடுகிறேன்.

உங்கள் முதல் ஐந்து ஸ்லைடுகளில் மேட்டூர் ஜூன் 12 திறப்பு, கல்லணை, டெல்டா வரைபடம், அட்சரேகை, தீர்க்கரேகை எல்லாம் இருக்கின்றன. தஞ்சாவூர் அரங்கில் இருப்பவர்களுக்கு மேட்டூரைப் பற்றிச் சொல்வது கொல்லன் தெருவில் ஊசி விற்பதுதான். ஐந்தையும் எடுத்துவிடுங்கள். இப்படித் தொடங்கலாம்:

“வயல்நீர்க் குழாயில் தண்ணீர் 15 செ.மீ. கீழே இறங்கும்வரை காயவிடலாம், பிறகு பாய்ச்சலாம். இது சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையத்தின் பரிந்துரை. ஆனால் நம் பக்கத்துக் களிமண் அதற்கு முன்பே வெடித்துவிடுகிறது. வெடித்த வயலுக்கும் அதே 15 சரிதானா? இதைத்தான் பார்த்தேன். சரியில்லை. என் வயல்களில் 10 செ.மீ.யில் நிறுத்தியபோதுதான் தண்ணீர் அதிகம் மிச்சமானது. விளைச்சல் குறையவில்லை.”

சத்தமாகப் படித்துப் பாருங்கள், ஒரு நிமிடம்கூட ஆகாது. கேள்வியும் விடையும் அதற்குள் வந்துவிட்டன. முடிவை முதலிலேயே உடைத்துவிட்டால் சுவாரஸ்யம் போய்விடாதா என்று மாணவர்கள் கேட்பார்கள். துறைக்காரர்கள் கதை கேட்க வரவில்லை. முடிவு தெரிந்ததும் ‘அதெப்படி? 15 வரை விட்டால்தானே கூட மிச்சமாகணும்?’ என்று அவர்களுக்குத் தோன்றும். அந்தச் சந்தேகத்தோடு கேட்பவர்தான் உங்கள் முறையைக் கூர்ந்து கேட்பார்.

இனி முறை. இதற்கு நான்கு நிமிடம் போதும். எதைச் சொல்வது, எதை விடுவது என்று தீர்மானிக்க ஒரே சோதனை: இது தெரியாவிட்டால் என் முடிவை நம்ப மாட்டாரா? மூன்று வகைப் பாய்ச்சல், வகைக்கு மூன்று வயல் என்பது வேண்டும். எப்போதும் தண்ணீர் கட்டிய வயல்கள் ஒப்பீட்டுக்கு இருந்தன என்பதும் வேண்டும். வயலுக்குள் போன தண்ணீரை எதைக் கொண்டு அளந்தீர்கள் என்பது கட்டாயம் வேண்டும், உங்கள் முடிவே அந்த அளவில்தான் நிற்கிறது. பூக்கும் பருவத்தில் காயவிடாமல் தண்ணீர் கட்டி வைத்தீர்களா என்பதையும் ஒரு வரியில் சொல்லிவிடுங்கள். சொல்லாவிட்டால் அதுதான் முதல் கேள்வியாக வரும். விதை ரகம், உர அளவு, மண் பரிசோதனை அட்டவணை எல்லாம் ஆய்வேட்டிலேயே இருக்கட்டும். ஸ்லைடில் துளையிட்ட குழாய் பாதி மண்ணுக்குள் நிற்கிற ஒரு படம் போட்டு, 10, 15 என்று இரண்டு கோடு இழுத்தால் போதும். பக்கத்திலேயே வெடித்த வயலின் புகைப்படம், வெடிப்புக்குள் ஒரு அளவுகோலை நிறுத்தி எடுத்தது.

அந்தப் புகைப்படம் அழகுக்காக இல்லை, உங்கள் விளக்கமே அதுதான். வயல் ஆழமாக வெடித்தபின் தண்ணீர் விட்டால் அது பரவுவதற்கு முன் வெடிப்பு வழியே வேர்மண்டலத்துக்குக் கீழே இறங்கிவிடுகிறது. காயவிட்டு மிச்சப்படுத்தியதை வெடிப்பு குடித்துவிடுகிறது. இதைச் சொல்ல அரை நிமிடம் ஒதுக்குங்கள், அவசரப்படாதீர்கள். ஆனால் வெடிப்பு வழியே இறங்கிய தண்ணீரை நீங்கள் தனியாக அளக்கவில்லை என்றால், “இதுதான் காரணம்” என்று சொல்லாமல் “இதுவாக இருக்கலாம்” என்று சொல்லுங்கள்.

முடிவுகளுக்கு ஆறு வரைபடம் வைத்திருக்கிறீர்கள். ஒன்று போதும்: மூன்று வகை வயலுக்கும் செலவான தண்ணீர், மூன்று கம்பங்கள். அதைக் காட்டியதும் முடிவுக்குத் தாவாதீர்கள். கீழே என்ன, பக்கவாட்டில் என்ன, என்ன அலகு என்று முதலில் சொல்லுங்கள். பிறகு ஒரே ஒரு கம்பத்தைத் தொட்டு அது எந்த வயல், எவ்வளவு என்று சொல்லுங்கள். அதன் பிறகுதான் ஒப்பீடு. வகைக்கு மூன்று வயல்தான் என்பதால் மூன்றின் அளவையும் கம்பத்தின் மேல் புள்ளிகளாகவே வைத்துவிடலாம். சராசரிக்குப் பின்னால் என்ன ஒளிந்திருக்கிறது என்று யாரும் கேட்க வேண்டியிருக்காது. விளைச்சலுக்கு இன்னொரு படம் வேண்டாம், பேச்சில் ஒரு வாக்கியம் போதும்.

ஒரு குறுவை, ஒரே மண், ஒன்பது வயல். இந்த எல்லையையும் நீங்களே சொல்லிவிடுங்கள், மற்றவர் வாயிலிருந்து வருவதைவிட அது மேல்.

எழுதியதை அப்படியே படித்தால் இன்னொரு சிக்கல் வரும். தமிழில் வினை கடைசியில் வருகிறது. “10 செ.மீ. ஆழம் வரை நீர்மட்டம் குறைய அனுமதிக்கப்பட்டுப் பின்னர் பாசனம் அளிக்கப்பட்ட வயல்களில் ஒட்டுமொத்த நீர்ப் பயன்பாடு குறைவாக இருந்தமை கண்டறியப்பட்டது” என்பது உங்கள் வாக்கியம். ஏட்டில் தவறில்லை. அரங்கில், ‘குறைவாக’ வரும் வரைக்கும் கேட்பவர் மொத்தத்தையும் மனதில் சுமந்துகொண்டு நிற்க வேண்டும். “10 செ.மீ. வரை காயவிட்டோம். பிறகு பாய்ச்சினோம். அந்த வயல்களுக்குத்தான் தண்ணீர் குறைவு.” மூச்சு விடுகிற இடத்தில் வாக்கியம் முடியட்டும். ஆங்கிலத்தில் பேசுவதாக இருந்தாலும் இதே வெட்டு வேண்டும்.

நேரம் பார்க்க, நின்றுகொண்டு ஸ்லைடு மாற்றியபடி சத்தமாகப் பேசிக் கைபேசியில் பதிவு செய்யுங்கள். மனதுக்குள் படித்தால் 9 நிமிடம் வருவது மேடையில் 12 ஆகிவிடும். ஒத்திகையில் 11 வந்தால் சரி. வரைபடத்துக்கு எத்தனையாவது நிமிடத்தில் வருகிறீர்கள் என்று குறித்துக்கொள்ளுங்கள். ஏழைத் தாண்டினால் முன்னால் இன்னும் கொழுப்பு இருக்கிறது.

என் முதல் கருத்தரங்கில் புரொஜெக்டர் ஒத்துழைக்காமல் நான்கு நிமிடம் போயிற்று. நான் முறையைச் சொல்லிக்கொண்டிருக்கும்போதே தலைவர் மணி அடித்துவிட்டார். மிச்ச ஸ்லைடுகளை ரயில் ஜன்னல் மாதிரி ஓட்டிக் காட்டிவிட்டு இறங்கினேன். நேரம் குறைந்தால் எதை விடுவது என்று முன்பே முடிவு செய்திருக்கவில்லை. உங்களுக்கு அது குழாய்ப் படம் என்று வைத்துக்கொள்ளுங்கள். “குழாயை எல்லோருக்கும் தெரியும்” என்று சொல்லிவிட்டு நேரே வரைபடத்துக்குப் போய்விடலாம்.

கடைசி ஸ்லைடில் ‘நன்றி’ என்றும் தாமரைப்பூவும் வேண்டாம். நன்றியை வாயால் சொல்லுங்கள். கேள்வி நேரம் முழுக்கத் திரையில் நிற்பது அந்த மூன்று கம்பங்களும் உங்கள் ஒற்றை வரி முடிவுமாக இருக்கட்டும். அதற்குப் பின்னால், காட்டாமல், உர அட்டவணையும் மண் பரிசோதனையும் விளைச்சல் விவரமும் இருக்கட்டும். ஒரத்தநாடு, பட்டுக்கோட்டைப் பக்கத்திலிருந்து யாராவது வந்திருந்தால் “எங்கள் மண் இவ்வளவு வெடிக்காதே, எங்களுக்கும் 10தானா?” என்று கேட்பார். “அங்கே நான் பார்க்கவில்லை. வெடிக்காத மண்ணில் 15ஏ சரியாக இருக்கலாம்” என்று சொல்லிவிட்டு, மண் பரிசோதனை ஸ்லைடை அப்போது திறந்து காட்டுங்கள்.