இரண்டு நிமிடப் பேச்சும் ஒரு புளியமரமும்

கேள்வி: நேர்முகத் தேர்வில் "உங்களைப் பற்றிச் சொல்லுங்கள்" என்றால் இரண்டு நிமிடம் பேசுகிறேன். எதுவும் அவர்கள் மனத்தில் நிற்பதில்லையே, ஏன்?

அவர்கள் கேட்பது வாழ்க்கை வரலாற்றை அல்ல. இந்த வேலைக்கும் உங்களுக்கும் உள்ள தொடர்பை. ஊர், அப்பாவின் தொழில், "கடின உழைப்பாளி" எல்லாம் எவரும் சொல்லக்கூடியவை, அதனால்தான் நிற்பதில்லை. வழி கேட்பவரிடம் ஊர் வரலாற்றையா சொல்வோம்? முனையிலிருக்கும் புளியமரத்தை அடையாளம் காட்டுவோம். உங்களுடைய மரம், நீங்களே செய்த ஒரு வேலையும் அதன் விளைவும்.

கிடங்குப் பணிக்குப் போகிறவர் இப்படிச் சொல்லலாம்: "3 ஆண்டுகளாக மருந்துக் கிடங்கில் இருப்புக் கணக்கு பார்க்கிறேன். காலாவதித் தேதிப்படி பெட்டிகளை மாற்றி அடுக்கினேன். வீணாகும் பெட்டிகள் மாதம் 40இலிருந்து 6 ஆகக் குறைந்தன. இங்கும் அதைச் செய்ய விரும்புகிறேன்." அரை நிமிடம்தான். அடுத்த கேள்வி அந்தப் பெட்டிகளைப் பற்றி வந்தால், அறிமுகம் பலித்துவிட்டது.

சுருக்கமாகப் பேசினால் அனுபவம் குறைவென்று நினைப்பார்கள் என்பது தவறான அச்சம். மிச்சமெல்லாம் அவர்கள் கையிலிருக்கும் விண்ணப்பத்திலேயே இருக்கிறது.