ஒரு அம்பா, இரண்டு அம்பா?

அண்ணா, வணக்கமுங்க. கோவை கணபதியில் ஒரு ஜாப் ஒர்க் பட்டறையில் இன்ஸ்பெக்‌ஷன் பார்க்கிறேன். பம்ப் ஷாஃப்ட்டை சென்டரில் மாட்டி, மூன்று இடத்தில் டயலைப் பூஜ்யம் வைத்துச் சுற்றினேன். மூன்றிலும் முள் 0.02 மி.மீ. தான் ஓடியது. டிராயிங்கில் 0.03 இருக்கிறது. ஆனாலும் ரன் அவுட், அதாவது சுற்றும்போது வரும் ஆட்டம், அதிகம் என்று கஸ்டமர் திருப்பிவிட்டார். டிராயிங் படம் அனுப்பியிருக்கிறேன். எங்கே தப்புங்க?

தம்பிக்கு,

படத்தில் 0.03-க்கு முன்னால் உள்ள அடையாளத்தைப் பாருங்கள், சாய்ந்த அம்பு இரண்டு இருக்கிறது. ஒரு அம்பு இருந்தால் சர்க்குலர் ரன் அவுட். நீங்கள் பார்த்த முறை அதற்கு முழுக்கச் சரி. அங்கே ஒவ்வொரு வட்டமும் தனிக்கணக்கு, இடம் மாறும்போது பூஜ்யம் வைத்துக்கொள்ளலாம். இரண்டு அம்பு என்றால் டோட்டல். முதல் இடத்தில் பூஜ்யம் வைத்தபின் டயலைத் தொடவே கூடாது. ஷாஃப்ட் சுற்றச் சுற்ற, அச்சுக்கு இணையாக டயலை நகர்த்தி, முழு நீளத்திலும் முள் போன உச்சத்துக்கும் இறக்கத்துக்கும் உள்ள வித்தியாசம் 0.03-க்குள் நிற்க வேண்டும்.

உங்கள் ஷாஃப்ட்டில் என்ன நடந்திருக்கும்? பூஜ்யம் மாற்றாமல் பார்த்தால் முள் இப்படி ஓடியிருக்கும் என்று வையுங்கள்: முதல் இடத்தில் 0-லிருந்து 0.02 வரை, நடுவில் 0.01-லிருந்து 0.03, கடைசியில் 0.03-லிருந்து 0.05. இடத்துக்கு இடம் 0.02 தான். மொத்தமாக 0.05, ரிஜெக்ட். ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குப் பருமன் ஏறுகிற டேப்பர், நீங்கள் பூஜ்யம் வைத்த ஒவ்வொரு முறையும் மறைந்துபோனது. ஆரத்தில் 0.03 ஏறினால் விட்டத்தில் 0.06. டயாவுக்கு ±0.05 கொடுத்திருப்பதால் மைக்ரோமீட்டரும் சத்தமில்லாமல் பாஸ் சொல்லியிருக்கும்.

இன்னொன்று. 0.03 என்பது முள்ளின் மொத்த ஓட்டம், பிளஸ் மைனஸ் அல்ல. அப்படி நினைத்து 0.06 வரை பாஸ் பண்ணுகிற பட்டறைகளும் உண்டுங்க.

ஆனால் டேப்பர் என்று முடிவு கட்டுமுன், டயல் ஓடுகிற தடம் சென்டர் அச்சுக்கு இணையா என்று பாருங்கள். நானே ஒருமுறை இதைப் பார்க்காமல் ஒரு லாட் நல்ல ஷாஃப்ட்டைச் சிவப்புத் தொட்டியில் போட்டுவிட்டுத் திட்டு வாங்கியிருக்கிறேன். ஷாஃப்ட்டைக் கழற்றி முனை மாற்றி மாட்டி, திரும்ப ஓட்டுங்கள். முன்பு வலப்பக்கம் ஏறிய முள் இப்போது இடப்பக்கம் ஏறினால் தப்பு ஷாஃப்ட்டில். மறுபடியும் வலப்பக்கமே ஏறினால் தப்பு உங்கள் செட்டப்பில்.

ஷாஃப்ட்டில்தான் என்றால், சென்டரில் மாட்டிக் கடைந்த லேத்தில் டெயில்ஸ்டாக் பக்கவாட்டில் விலகியிருக்கிறதா என்று முதலில் பார்க்கச் சொல்லுங்கள்.