புள்ளியியல் முதுநிலை: மருந்துச் சோதனை வேலைக்கு எந்த விருப்பப் பாடம், எந்த ஆய்வேடு?

முதல் பருவ மாணவர்: அக்கா, எம்.எஸ்சி. புள்ளியியல் படிக்கிறேன். அடுத்த பருவத்துக்கு விருப்பப் பாடம் இரண்டு எடுக்கணும். மருந்துச் சோதனைப் பக்கம் வேலைக்குப் போகணும்னு ஆசை. எதை எடுக்கிறது?

மருந்துச் சோதனை வேலைக்கு நேர்காணல் எடுப்பவள் என்ற முறையில் சொல்கிறேன். பட்டியலில் சர்வைவல் அனாலிசிஸ் இருந்தால் முதலில் அதை எடுங்கள். இரண்டாவதாக, ஒரே ஆளை மறுபடி மறுபடி அளந்த தரவுக்கான பாடம். சில துறைகளில் அதை லாஞ்சிட்யூடினல் என்பார்கள், சில இடங்களில் மிக்ஸட் மாடல்ஸ் என்று இருக்கும். புற்றுநோய்ச் சோதனைகளில் பெரும்பாலும் எத்தனை மாதம் கழித்து என்ன நடந்தது என்பதே கேள்வி. மற்ற பல சோதனைகளில் அதே நோயாளி நாலாவது வாரம், எட்டாவது வாரம், பன்னிரண்டாவது வாரம் என்று வந்துகொண்டே இருப்பார். தினசரி வேலையில் பெரும்பங்கு இந்த இரண்டுக்குள் அடங்கிவிடும்.

ஆனால் என் பேச்சை மட்டும் நம்பி முடிவெடுக்க வேண்டாம். நீங்கள் போக நினைக்கும் ஊரில், அனுபவம் கேட்காத வேலை விளம்பரங்களாகப் பார்த்து முப்பது நாற்பது சேருங்கள். ஐந்து வருட அனுபவம் கேட்பவற்றை அப்படியே ஒதுக்கிவிடுங்கள். பலர் அதைப் பார்த்துத்தான் பயந்து கண்டதையும் படிக்கிறார்கள். தகுதிப் பட்டியலைவிட "என்ன செய்ய வேண்டும்" என்ற பகுதியைக் கவனியுங்கள். தகுதிப் பட்டியல் பழைய விளம்பரத்திலிருந்து ஒட்டப்பட்டதாக இருக்கும். வேலை விவரத்தை அந்தக் குழுவில் உள்ள யாராவது எழுதியிருக்க வாய்ப்பு அதிகம். ஒவ்வொன்றிலும் எந்த முறை, எந்த மென்பொருள், எந்த ஆவணம் என்று மூன்று நெடுவரிசையில் குறித்துக்கொள்ளுங்கள். முறைகளுக்கு வகுப்பு வேண்டும். மென்பொருளைத் தனியாகவே பழகலாம். ஆவணம், அதாவது பகுப்பாய்வுத் திட்டம் எழுதுவது, ஆய்வேட்டில் பழகிக்கொள்ள வேண்டியது.

நிரலாளர் ஒருவர்: தம்பி, அதெல்லாம் அப்புறம். சாஸ் மென்பொருள் பாடம் இருந்தால் அதை எடு. மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்புகள் சாஸ் தவிர வேறெதையும் ஏற்காது.

பாதி சரி. அமெரிக்க எஃப்.டி.ஏ. இந்த மென்பொருளில்தான் பகுப்பாய்வு செய்ய வேண்டும் என்று எங்கும் கட்டாயப்படுத்தவில்லை. குழப்பம் எங்கிருந்து வருகிறது என்றால், தரவை அனுப்ப வேண்டிய கோப்பு வடிவம் பல காலமாக சாஸிலிருந்து வந்த `.xpt`. அந்தக் கோப்பை ஆர் மொழியிலிருந்தும் எழுதலாம். ஆனால் பல நிறுவனங்களில் பழைய நிரல்கள் எல்லாம் சாஸில்தான் கிடக்கின்றன, அதனால் விளம்பரத்தில் அது வருகிறது. அதுவும் உண்மை.

என்றாலும் ஒரு முழு விருப்பப் பாடத்தை ஒரு மொழிக்காகச் செலவழிப்பது எனக்கு உடன்பாடில்லை. ஆர் நன்றாகத் தெரிந்தவர் விடுமுறையில் உட்கார்ந்தால் சாஸ் அடிப்படை வந்துவிடும். இரு குழுவின் உயிர்வாழ்வை ஒப்பிடும் லாக்-ராங்க் சோதனை எப்போது சறுக்கும் என்பது அப்படி வராது.

மூத்த உறுப்பினர்: நானும் இருபது வருடமாக ஆள் எடுக்கிறேன் மேடம். நீங்கள் சொல்வது புள்ளியியலாளர் பதவிக்கு. புள்ளியியல் நிரலாளர் பதவிக்கு நான் ஆய்வேட்டைத் திறந்துகூடப் பார்த்ததில்லை. சோதனைத் தரவை அடுக்கும் சிடிஸ்க் தரநிலை தெரியுமா, சேகரித்ததை ஒழுங்குபடுத்திய எஸ்டிடிஎம் தரவிலிருந்து பகுப்பாய்வுக்கான ஆடம் தரவை உருவாக்கத் தெரியுமா, அவ்வளவுதான். அந்தப் பதவிகள்தான் புதியவர்களுக்கு அதிகம் கிடைக்கின்றன.

இதை நான் மறுக்கவில்லை சார். இரண்டும் வேறு கதவு என்பதைத் தம்பி முதலிலேயே தெரிந்துகொள்வது நல்லது. நிரலாளராக நுழைந்து பிறகு இந்தப் பக்கம் வரலாம் என்கிறார்கள். வந்தவர்களும் இருக்கிறார்கள், வர முடியாமல் அங்கேயே நின்றவர்களையும் பார்த்திருக்கிறேன். எது அதிகம் என்பதில் நமக்குள் ஒத்துப்போகாது, விட்டுவிடுவோம்.

இரண்டாம் ஆண்டு மாணவி: என் கைடு கணிதப் புள்ளியியல் ஆள். கையில் உள்ள மாதிரியிலிருந்தே மறுபடி மறுபடி மாதிரி எடுக்கும் பூட்ஸ்ட்ராப் முறை பற்றி ஒரு தேற்றத்தைக் கொஞ்சம் விரித்து எழுதச் சொல்கிறார். எனக்கு மருந்துச் சோதனை வேலை வேண்டும். கைடை மாற்றலாமா?

மாற்ற வேண்டாம். ஆர்வமில்லாத துறையில் நல்ல கைடு, பிடித்த துறையில் நேரமே தராத கைடைவிட மேல். அவர் பலத்தை உங்கள் சந்தைக்குத் திருப்பப் பாருங்கள். ஓர் உதாரணத்தை முழுதாகச் சொல்கிறேன்.

நோயெதிர்ப்பு சிகிச்சை மருந்துகள் சில உடனே வேலை செய்வதில்லை. முதல் சில மாதம் இரண்டு குழுவின் வளைகோடும் ஒட்டியே போகும், பிறகுதான் பிரியும். வழக்கமான லாக்-ராங்க் சோதனை, இரு குழுவின் ஆபத்துக்கும் இடையிலான விகிதம் முழுக் காலமும் ஒரே அளவில் இருந்தால்தான் தன் முழு பலத்தோடு வேலை செய்யும். தாமதமாகப் பிரிந்தால் அதன் திறன், அதாவது உண்மையான பலனைக் கண்டுபிடிக்கும் வாய்ப்பு, குறைகிறது. அப்படியானால் எந்தச் சோதனையைத் தேர்ந்தெடுப்பது? இதுதான் ஆய்வேட்டின் கேள்வி.

கட்டுப்பாட்டுக் குழுவில் இடைநிலை உயிர்வாழ்வு 12 மாதம் என்று வையுங்கள். குழுவுக்கு 150 பேர். முதல் 4 மாதம் இரு குழுவுக்கும் ஆபத்து ஒன்றே. அதன் பிறகு மருந்துக் குழுவின் ஆபத்து மற்றதில் 0.6 பங்கு. இதைக் கணினியில் உருவாக்கி மூன்று முறைகளை ஓடவிடுங்கள்: லாக்-ராங்க், பிற்பகுதிக்கு எடை கொடுக்கும் ஃப்ளெமிங்–ஹாரிங்டன், குறிப்பிட்ட காலம் வரையிலான சராசரி உயிர்வாழ்வை ஒப்பிடும் முறை. பிறகு அந்த 4 மாதத்தை 0, 2, 6 என்று மாற்றிப் பாருங்கள். மருந்துக்குப் பலனே இல்லாத நிலையையும் கட்டாயம் ஓடவிட வேண்டும். இதை விட்டுவிட்டு வருபவர்கள் நிறைய.

கைடுக்கு எங்கே இடம்? மாதிரி சிறியதாக இருக்கும்போது மூன்றாவது முறையின் நம்பிக்கை இடைவெளி 95 சதவீதத்தைப் பிடிக்கிறதா, பூட்ஸ்ட்ராப் இடைவெளி அதைச் சரிசெய்கிறதா என்று ஒரு அத்தியாயம். அவர் சந்தோஷமாக ஒத்துக்கொள்வார்.

நேர்காணலில் நான் கேட்பது மூன்றுதான். எத்தனை முறை ஓடவிட்டாய், ஏன் அந்த எண்? பிற்பகுதிக்கு எடை கொடுத்தால், ஆரம்பத்தில் தீங்கு செய்த மருந்தும் தேறிவிடாதா? அந்தக் "குறிப்பிட்ட காலத்தை" தரவைப் பார்ப்பதற்கு முன் எப்படி முடிவு செய்தாய்? முதல் கேள்விக்கே பலர் "ஆயிரம், எல்லாரும் அதுதான் போடுகிறார்கள்" என்பார்கள். பலனில்லாத மருந்தைத் தவறாகத் தேற்றும் 5 சதவீதப் பிழை விகிதத்தை ஆயிரம் ஓட்டத்தில் மதிப்பிட்டால் வரும் தடுமாற்றம் இது:

```r
sqrt(0.05 * 0.95 / 1000)   # 0.0069
```

ஏறத்தாழ 0.7 சதவீதப் புள்ளி. 5-ஐயும் 6-ஐயும் அதை வைத்துப் பிரித்துச் சொல்ல முடியாது. பத்தாயிரம் ஓட்டினால் 0.2 ஆகிறது. இதைத் தானாகச் சொல்பவர் தன் ஆய்வேட்டைத் தானே செய்தவர் என்று எனக்குத் தெரிந்துவிடும்.

அதே மாணவி: சராசரி உயிர்வாழ்வு முறைதான் ஜெயிக்கும்னு படிச்சேன். அதையே தலைப்பாக்கிடலாமா?

ஜெயிப்பவரை முன்பே அறிவிக்காதீர்கள். தாமதமாகப் பிரியும் நிலையில் அந்த முறையின் திறன் பல அமைப்புகளில் லாக்-ராங்கைவிடப் பெரிதாக உயர்வதில்லை, குறையவும் செய்யும். அதன் மதிப்பு வேறு இடத்தில்: "சராசரியாக இத்தனை மாதம் கூடுதல்" என்று மருத்துவருக்குப் புரியும்படி சொல்ல முடிகிறது. உங்கள் முடிவு ஏமாற்றமாக வந்தாலும் நேர்காணலில் அது குறையில்லை.

வங்கியில் வேலை பார்ப்பவர்: நான் கடன் இடர் பிரிவில் இருக்கிறேன், வேலையோடு முதுநிலை படிக்கிறேன். சர்வைவல் எல்லாம் எனக்கு எதற்கு? நீங்கள் எல்லாருக்கும் ஒரே பாடத்தைத் திணிக்கிறீர்கள்.

உங்களுக்கும் அது வேண்டியிருக்கும் என்றுதான் நினைக்கிறேன். 2018 முதல் நடைமுறையில் உள்ள ஐ.எஃப்.ஆர்.எஸ். 9 கணக்கியல் விதியில், இடர் கணிசமாகக் கூடிய கடனுக்கு அதன் ஆயுட்காலம் முழுவதற்குமான எதிர்பார்ப்பு இழப்பைக் கணக்கிட வேண்டும். கடன் தவறுமா என்பதோடு எப்போது தவறும் என்பதும் தேவை. முன்கூட்டியே அடைத்துவிட்டுப் போகும் வாடிக்கையாளர்தான் அங்கே போட்டி நிகழ்வு, அதாவது கடன் தவறும் வாய்ப்பையே இல்லாமலாக்கும் வேறொரு முடிவு. நோயாளிக்குப் பதில் கடன், சமன்பாடு அதே. நீங்கள் தள்ளிவைக்க வேண்டியது மிக்ஸட் மாடலை. அந்த இடத்தில் காலத்தொடர் பாடத்தை எடுங்கள்.

ஒரு சந்தையை மட்டும் நம்ப முடியாதவர்களுக்கு இது உதவும். பாடம் எடுக்கும் நாளுக்கும் வேலை தேடும் நாளுக்கும் நடுவில் ஒரு வருடத்துக்கு மேல் ஓடிவிடும். ஆள் எடுப்பு நின்றுபோகலாம். இரண்டு துறையில் செல்லுபடியாகும் பாடம் ஒன்று, குறிவைத்த துறைக்கே உரியது ஒன்று என்று நான் பிரிப்பேன்.

முதல் பருவ மாணவர்: எது எதற்குக் காரணம்னு கணிக்கிற காஸல் இன்ஃபரன்ஸ் பாடமும் இருக்கு அக்கா. சோதனையில்தான் குலுக்கல் முறையில் பிரிக்கிறாங்களே, அது எதுக்கு?

நல்ல கேள்வி. குலுக்கல் தொடக்கத்தைத்தான் சமமாக்குகிறது. பாதியில் மருந்தை நிறுத்தியவர், வேறு மருந்துக்கு மாறியவர் இருப்பார்கள். அவர்களை எப்படிக் கணக்கில் எடுப்பது என்பதைத் திட்டத்திலேயே தெளிவாக எழுத வேண்டும் என்கிறது, மருந்துகளுக்கான சர்வதேச நெறிமுறைகளை வகுக்கும் ஐ.சி.எச். அமைப்பின் 2019இல் வந்த ஈ9 (ஆர்1) இணைப்பு. சோதனை சரியாக எதை மதிப்பிடப் போகிறது என்பதைக் குறிக்கும் எஸ்டிமாண்ட் என்ற சொல் விளம்பரங்களில் வருவது அதனால்தான். மூன்றாவது பாடத்துக்கு இடம் இருந்தால் இதை எடுங்கள், அல்லது விடுபட்ட தரவு பற்றிய பாடத்தை.

மருத்துவமனைத் தொடர்புள்ள மாணவர்: உண்மையான நோயாளித் தரவு வைத்துச் செய்தால் மதிப்பு அதிகம்தானே? ஒரு மருத்துவர் தருவதாகச் சொல்லியிருக்கிறார்.

எழுத்தில் தந்தாரா? நெறிமுறைக் குழு அனுமதிக்கே மாதங்கள் போகும். தரவு வந்த பிறகு பாதி நெடுவரிசை காலியாக இருக்கும். அனுமதி இன்றைக்குக் கையில் இல்லையென்றால், அதை ஆய்வேட்டின் கடைசி அத்தியாயமாக மட்டும் வையுங்கள். வராவிட்டாலும் ஆய்வேடு நிற்க வேண்டும். உதாரணத்துக்கு ஆர் மொழியின் `survival` தொகுப்பிலேயே `pbc`, `lung` என்ற உண்மையான தரவுகள் உள்ளன. சிடிஸ்க் வெளியிட்ட ஆல்சைமர் சோதனையின் மாதிரித் தரவும் பொதுவில் கிடைக்கிறது. அதில் செய்தால் மேலே சார் சொன்ன நிரலாளர் கதவுக்கும் சேர்த்துப் பயிற்சியாகும்.

நிறுவனத்தில் போய் ஆய்வேடு செய்வதும் இப்படித்தான். உள்ளே நுழைய அது நல்ல வழி. ஆனால் ரகசிய ஒப்பந்தத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று கையெழுத்துக்கு முன்பே படியுங்கள். முறையை வெளியே பேசலாமா, செயற்கைத் தரவில் அதே படத்தை வரைந்து காட்டலாமா என்று கேட்டு எழுத்தில் வாங்குங்கள். "அதைப் பற்றிப் பேச எனக்கு அனுமதியில்லை" என்று மூன்று முறை சொன்ன ஒருவரிடம் நான் வேறு எதைக் கேட்பது?

முனைவர் பட்டம் யோசிப்பவர்: அப்படியென்றால் யாரும் செய்யாத புதிய முறையைக் கண்டுபிடித்தால்தான் எடுப்பார்களா?

நீங்கள் பி.எச்டி. கேள்வியை இங்கே கேட்கிறீர்கள். முதுநிலையில் புதுமை நான் எதிர்பார்ப்பதில்லை. ஏற்கெனவே உள்ள மூன்று முறையை நியாயமாக ஒப்பிட்டால் போதும். முனைவர் படிப்புக்குப் போவதானால் மேலே அந்த மாணவியின் கைடு சொன்ன தேற்றம் உங்களுக்குத்தான் பொருந்தும்.

இரண்டாம் ஆண்டு மாணவி: கடைசிப் பருவத் தொடக்கத்திலேயே விண்ணப்பிக்கச் சொல்றாங்க. ஆய்வேடு அப்போ பாதிதானே இருக்கும்?

பாதி போதும், ஆனால் எந்தப் பாதி என்பது முக்கியம். பெரும்பாலானோர் முதலில் இலக்கிய மதிப்பாய்வை நாற்பது பக்கம் எழுதிவிட்டு வருகிறார்கள். கையில் ஒரு முடிவும் இருக்காது. நீங்கள் ஓர் அமைப்பு, இரண்டு முறை, ஆயிரம் ஓட்டம் என்று சின்னதாக முதலில் முடித்துவிடுங்கள். தாமத மாதம் கிடைக்கோட்டில், திறன் செங்குத்தில், இரண்டு கோடு. அந்த ஒரு படத்தோடு விண்ணப்பிக்கலாம். பத்தாயிரம் ஓட்டத்தைப் பிறகு இரவில் கணினி பார்த்துக்கொள்ளும்.